ஆறு நிமிட நடைச் சோதனையும் மூச்சிரைப்பு அளவுகோல்களும்: எப்படிச் செய்வது, எப்படிப் படிப்பது

நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோயான சிஓபிடி உள்ள, ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனையில் ஒரே எண் வாங்கிய இரண்டு நோயாளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் காலையில் சந்தைக்குப் போய் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார், இன்னொருவர் குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து பத்து நிமிடம் மூச்சு வாங்குகிறார். ஊதும் கருவி மூச்சுக்குழாய் எவ்வளவு அடைத்திருக்கிறது என்று சொல்லும், அவ்வளவுதான். இதயம், தொடைத் தசை, இரத்தத்தில் ஆக்சிஜன், மனதில் இருக்கும் பயம் எல்லாம் சேர்ந்து ஒரு ஆளை எவ்வளவு தூரம் நடக்க விடுகின்றன என்பதை அது சொல்லாது. அதற்குத்தான் நடைச் சோதனையும் மூச்சிரைப்பு அளவுகோல்களும்.

இந்த வழிகாட்டியை நுரையீரல் மறுவாழ்வுப் பிரிவில் வேலை பார்க்க வரும் இயன்முறை மாணவர்களையும் செவிலியர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வீட்டில் இப்படி ஒரு நோயாளி இருந்தால் நீங்களும் படிக்கலாம், கையில் இருக்கும் ரிப்போர்ட் புரியும். நான் முக்கியமாகச் சொல்ல வருவது ஒன்றுதான்: இந்தச் சோதனையின் மதிப்பு முழுவதும் அடுத்த முறை செய்யும்போது இதே மாதிரி செய்வதில் இருக்கிறது. கருவி என்று பார்த்தால் ஒரு நடைபாதை, ஒரு கடிகாரம், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், ஒரு அட்டை. இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் ஆளாளுக்கு ஒரு மாதிரி செய்துவிடுகிறார்கள், எண்களை ஒப்பிட முடியாமல் போகிறது.

முதலில் கேள்வி, அப்புறம்தான் நடை

நடக்க வைப்பதற்கு முன், அன்றாட வேலைகளில் வரும் மூச்சிரைப்பை அளக்கும் எம்எம்ஆர்சி அளவுகோலை முடித்துவிடுங்கள். இதன் தொடக்கம் தென் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் நோயை ஆராய்ந்த சார்லஸ் ஃபிளெட்சரின் வேலையில் இருக்கிறது. 0 முதல் 4 வரை ஐந்து படிகள். கடுமையாக உடம்பை வருத்தினால் மட்டும் மூச்சு வாங்கினால் 0. சமதளத்தில் வேகமாகப் போனாலோ லேசான மேட்டில் ஏறினாலோ வாங்கினால் 1. தன் வயதுக்காரர்களோடு சேர்ந்து நடக்க முடியாமல் பின்தங்கினாலோ, தன் போக்கில் நடக்கும்போதே மூச்சுக்காக நிற்க வேண்டியிருந்தாலோ 2. சமதளத்தில் சுமார் 100 மீட்டரிலோ சில நிமிடங்களிலோ நின்றுவிட்டால் 3. வீட்டை விட்டு வெளியே போக முடியாமலோ, துணி மாற்றும்போதே மூச்சு வாங்கினாலோ 4.

பழைய எம்ஆர்சி அளவுகோலில் இதே படிகளுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுத்திருந்தார்கள். ஒரு ரிப்போர்ட்டில் 'எம்ஆர்சி 3' என்றும் அடுத்ததில் 'எம்எம்ஆர்சி 2' என்றும் இருந்தால் நோயாளி தேறவில்லை, இரண்டும் ஒரே படிதான். இதைப் பார்த்துவிட்டு முன்னேற்றம் என்று எழுதுகிறவர்கள் உண்டு, அதனால் எந்த அளவுகோல் என்பதை எப்போதும் எண்ணோடு சேர்த்து எழுதுங்கள்.

இதைவிடப் பெரிய பொறி கேட்கும் விதத்தில் இருக்கிறது. "நடந்தா மூச்சு வாங்குதா அம்மா?" என்று கேட்டால் "அப்படியொண்ணும் இல்லைங்க" என்று பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. மூச்சு வாங்கும் வேலைகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டார், அதனால் இப்போது வாங்குவதில்லை. ரேஷன் கடைக்கு மருமகள் போகிறாள், மாடியில் துணி காயப் போடுவது நின்று இரண்டு வருடம் ஆகிறது, கோயிலுக்குப் போனால் ஆட்டோதான். ஆகவே மூச்சைப் பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றிக் கேளுங்கள்: போன வருடம் செய்துகொண்டிருந்த எதை இப்போது செய்வதில்லை, ஏன் விட்டீர்கள், அக்கம்பக்கத்தில் உங்கள் வயசுக்காரர் கூட நடந்தால் யார் முன்னால் போவார்கள்? கூட வந்திருக்கும் மகளோ மருமகளோ சொல்வதையும் கேளுங்கள், ஆனால் நோயாளி தன் பதிலைச் சொல்லி முடித்த பிறகு.

எம்எம்ஆர்சி அன்றாட வாழ்க்கையின் அளவு. இன்றைக்கு இந்த நிமிடம் எவ்வளவு மூச்சு முட்டுகிறது என்பதை அது காட்டாது, படிகள் அகலமானவை என்பதால் சில வாரங்களில் வரும் சிறிய மாற்றமும் அதில் தெரியாது. அந்த நிமிடத்து மூச்சிரைப்புக்கு வேறு அளவுகோல் இருக்கிறது.

போர்க் அட்டை

சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க் உருவாக்கிய 0 முதல் 10 வரையான அளவுகோலைத்தான் நடைச் சோதனையில் பயன்படுத்துகிறோம். 0 என்றால் மூச்சிரைப்பே இல்லை. 0.5 என்றால் லேசாகத் தெரிகிற அளவு. 3 நடுத்தரம், 5 கடுமை, 7 மிகக் கடுமை, 10 என்றால் இதற்கு மேல் தாங்கவே முடியாது. 0.5 இருப்பதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்து அட்டையை மாற்றி அடிக்காதீர்கள், அது அளவுகோலின் பகுதி.

அட்டையைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு ஒவ்வொரு படியையும் வாசித்துக் காட்டி, விரலால் தொடச் சொல்லுங்கள். நோயாளி பேசும் சொல்லிலேயே கேளுங்கள்: இளைப்பு என்று சொல்பவரிடம் இளைப்பு, மூச்சு முட்டுது என்பவரிடம் மூச்சு முட்டுது. ஆனால் முதல் முறை எந்தச் சொல்லில் கேட்டீர்களோ அதைக் குறித்து வைத்து அடுத்த முறையும் அதையே பயன்படுத்துங்கள். இரண்டு கேள்விகள் தனித்தனியாக வேண்டும், ஒன்று மூச்சுக்கு, இன்னொன்று கால் அசதிக்கு. சிலருக்கு மூச்சு 3-இலேயே நிற்கும், கால் அசதி 6-க்குப் போயிருக்கும். அவரை நிறுத்தியது தொடைத் தசை. பயிற்சித் திட்டம் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

நடைபாதை

அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் 2002-இல் ஒரு வழிமுறையை வெளியிட்டது, பிறகு 2014-இல் ஐரோப்பியச் சங்கத்தோடு சேர்ந்து விரிவான தரமுறை வந்தது. இரண்டும் கேட்பது 30 மீட்டர் நீளமுள்ள, நேரான, சமதளமான, கெட்டியான தரை. இரு முனையிலும் ஒரு கூம்பு, தரையில் 3 மீட்டருக்கு ஒரு குறி.

எல்லா இடத்திலும் 30 மீட்டர் கிடைக்காது என்பது தெரிந்ததுதான். 15 மீட்டர் பாதையில் நடந்தால் இரு மடங்கு தடவை திரும்ப வேண்டும், ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் குறையும், தூரம் குறையும். வட்டமான பாதையில் திருப்பமே இல்லாததால் தூரம் கூடும். டிரெட்மில்லில் நடந்தால் பழக்கமில்லாதவர்கள் குறைவாகவே நடக்கிறார்கள். அதனால் உங்களிடம் 20 மீட்டர்தான் இருந்தால் 20 மீட்டரிலேயே செய்யுங்கள், பரவாயில்லை. ஆனால் தாளில் அதை எழுதுங்கள், மூன்று மாதம் கழித்து அவர் வரும்போது அதே பாதையில் நடக்க விடுங்கள். வேறு ஆஸ்பத்திரியில் எடுத்த எண்ணோடு கழித்துப் பார்க்காதீர்கள்.

நம் ஊரில் இன்னொரு விஷயம் காலணி. ரப்பர் செருப்போடு ஒரு முறை, வார்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அடுத்த முறை என்றால் இரண்டும் ஒரே நடை இல்லை. கைத்தடி பிடிப்பவர் எப்போதும் அதே தடியோடு நடக்கட்டும். ஆக்சிஜனோடு நடப்பவர் என்றால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், சிலிண்டரை யார் தள்ளினார்கள் என்பதையும் எழுத வேண்டும். வழக்கமான மாத்திரை, இன்ஹேலர் எல்லாம் வழக்கம்போல எடுத்துவிட்டு வரட்டும், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை, லேசாகச் சாப்பிட்டிருந்தால் நல்லது.

யாரை நடக்க விடக் கூடாது

கடந்த ஒரு மாதத்துக்குள் மாரடைப்பு வந்தவர், நிலையில்லாத நெஞ்சுவலி இருப்பவர், இவர்களுக்குச் சோதனை வேண்டாம். ஓய்வில் இதயத் துடிப்பு 120-க்கு மேல் இருந்தாலோ, இரத்த அழுத்தம் 180/100-ஐத் தாண்டியிருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். ஆக்சிஜன், நாற்காலி, அவசர மருந்துத் தள்ளுவண்டி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அவசரத்துக்குக் கூப்பிட ஒரு தொலைபேசியும்.

நடை

நோயாளி தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியில் குறைந்தது பத்து நிமிடம் உட்காரட்டும். இந்த நேரத்தில் இரத்த அழுத்தம், துடிப்பு, ஆக்சிஜன் செறிவு எடுத்து, போர்க் அட்டையைக் காட்டி இரண்டு எண்களை வாங்குங்கள். நகப்பூச்சு இருந்தாலோ விரல் சில்லிட்டிருந்தாலோ ஆக்சிமீட்டர் தப்பாகக் காட்டும். திரையில் துடிப்பு அலை ஒரே சீராக வருகிறதா, அது காட்டும் துடிப்பும் கையால் எண்ணும் துடிப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே அதை நம்புங்கள்.

பிறகு விளக்கம். "அம்மா, ஆறு நிமிஷத்துல உங்களால எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் நடக்கணும். ஓடக் கூடாது. மூச்சு வாங்கும், அசதியா இருக்கும். வேணும்னா மெதுவா நடக்கலாம், நிக்கலாம், சுவத்துல சாஞ்சுக்கலாம். முடியும்னு தோணின உடனே மறுபடி நடக்க ஆரம்பிச்சுடுங்க." இதைச் சொல்லிவிட்டு நீங்களே ஒரு சுற்று நடந்து, கூம்பைச் சுற்றித் தயங்காமல் எப்படித் திரும்புவது என்று காட்டுங்கள். 'எவ்வளவு தூரம்' என்பதற்குப் பதில் 'எவ்வளவு வேகமாக' என்று சொன்னால் சோதனை மாறிவிடும், அதே ஆள் அதிக தூரம் நடப்பார்.

நடக்கத் தொடங்கியதும் கடிகாரத்தை ஓட விடுங்கள். அதற்கு மேல் உங்கள் வேலை கிட்டத்தட்ட வாயை அடக்குவதுதான். ஒவ்வொரு நிமிட முடிவிலும் ஒரே மாதிரியான குரலில் ஒரு வாக்கியம் மட்டும்: "நல்லா நடக்கிறீங்க, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு." "இப்படியே போங்க, இன்னும் நாலு நிமிஷம்." "நல்லா போறீங்க, பாதி முடிஞ்சிருச்சு." இப்படியே கடைசி நிமிடம் வரை. நடுவில் கை தட்டுவது, கூட வந்த பேரன் "பாட்டி, சீக்கிரம்!" என்று கத்துவது எல்லாம் எண்ணை ஏற்றும். ஊக்கச் சொற்களே தூரத்தைக் கூட்டுகின்றன என்று 1984-லேயே கார்டன் கயட்டின் குழு காட்டிவிட்டது, அதனால்தான் வாக்கியங்களையே நிலையாக வைத்தார்கள். உறவினர்களை அன்பாக வேறு பக்கம் உட்கார வையுங்கள்.

நோயாளிக்கு முன்னாலோ பக்கத்திலோ நடக்காதீர்கள், உங்கள் வேகத்துக்கு அவர் வந்துவிடுவார். ஆக்சிமீட்டரைப் பார்க்க வேண்டியிருந்தால் சற்றுப் பின்னால் நடங்கள். 2014 தரமுறை ஆக்சிஜன் செறிவை நடை முழுவதும் தொடர்ந்து பார்க்கச் சொல்கிறது, காரணம் எளிது: பலருக்குக் கடைசி எண்தான் மிகக் குறைந்த எண் என்று சொல்ல முடியாது. மூன்றாவது நிமிடத்தில் 84-க்கு இறங்கி, நின்று இளைப்பாறியதால் ஆறாவது நிமிடத்தில் 90-க்கு வந்திருக்கலாம். முடிவில் மட்டும் விரலில் மாட்டிப் பார்த்தால் அந்த 84 யாருக்கும் தெரியாது.

அவர் நின்றால் கடிகாரத்தை நிறுத்தாதீர்கள். எத்தனையாவது நிமிடத்தில் நின்றார், எவ்வளவு நேரம் நின்றார் என்று மட்டும் எழுதுங்கள். நெஞ்சுவலி, தாங்க முடியாத மூச்சுமுட்டல், தள்ளாட்டம், குப்பென்று வியர்த்து முகம் வெளிறுவது, கால் பிடித்துக்கொள்வது, இவற்றில் எது வந்தாலும் நீங்களே நிறுத்தி உட்கார வையுங்கள். செறிவு 80-க்குக் கீழே போனாலும் நிறுத்துங்கள், 85-க்குத் திரும்பினால் மறுபடி நடக்கச் சொல்லலாம், கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

ஆறு நிமிடம் முடிந்ததும் நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லித் தரையில் குறி வையுங்கள், நாற்காலியை அவரிடம் கொண்டு போங்கள். உடனே போர்க் அட்டை. "ஆரம்பத்துல இந்த நம்பரைச் சொன்னீங்க, இப்ப எங்க இருக்கு?" என்று பழைய எண்ணைக் காட்டிக் கேட்க வேண்டும். கடைசியாக ஒரு கேள்வி, பலர் இதை விட்டுவிடுகிறார்கள்: "இதுக்கு மேல போக முடியாம உங்களை எது தடுத்துச்சு?" முழங்கால் என்று பதில் வந்தால் அந்தத் தூரத்தை வைத்து நுரையீரலைப் பற்றிப் பேச முடியாது.

இரண்டாவது நடை

அரை மணி நேரம் ஓய்வு கொடுத்து, எல்லாம் பழையபடி ஆன பிறகு இன்னொரு முறை நடக்க விட வேண்டும். நேரம் இல்லை என்று பெரும்பாலான இடங்களில் தவிர்க்கப்படுவது இதுதான். முதல் முறை பாதை புதிது, பயம் வேறு. இரண்டாவது முறை எப்படித் திரும்புவது, எங்கே மூச்சைச் சேமிப்பது என்று தெரிந்துவிடும், பெரும்பாலானவர்களுக்குத் தூரம் கூடும். சிஓபிடியில் இந்தக் கூடுதல் சராசரியாக 25 மீட்டரை ஒட்டி வருகிறது. சிகிச்சையால் வந்தது என்று நம்பத் தகுந்த குறைந்தபட்ச மாற்றமே 30 மீட்டர்தான் என்னும்போது, இது எவ்வளவு பெரிய கலப்படம் என்று பாருங்கள். இரண்டில் எது அதிகமோ அதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒரு கணக்கு

வழக்கமாக வரும் நோயாளிகளை வைத்து நான் அமைத்த ஒரு எடுத்துக்காட்டு இது. 62 வயது அம்மா, சிகரெட்டைத் தொட்டதில்லை, நாற்பது வருடம் விறகடுப்புப் புகையில் சமைத்தவர். உயரம் 150 செ.மீ., எடை 48 கிலோ, ஸ்பைரோமெட்ரியில் முதல் நொடியில் ஊதும் காற்று எதிர்பார்ப்பில் 48 சதவீதம். தெருமுனைக் கடைக்குப் போவதற்குள் நின்றுவிடுகிறார், அதனால் எம்எம்ஆர்சி 3.

30 மீட்டர் பாதையில் முதல் நடை. ஒன்பது நீளம் முழுதாக முடித்து, பத்தாவதில் 18 மீட்டரில் ஆறு நிமிடம் முடிகிறது. 9 × 30 = 270, அதோடு 18, மொத்தம் 288 மீட்டர். நான்காவது நிமிடத்தில் 40 நொடி நின்றார். செறிவு 95-இலிருந்து 86 வரை இறங்கியது, போர்க் மூச்சு 0.5-இலிருந்து 5, கால் 0-இலிருந்து 3. அரை மணி கழித்து இரண்டாவது நடை 306 மீட்டர், போர்க் மூச்சு மறுபடி 5. தாளில் போவது 306.

எட்டு வாரப் பயிற்சிக்குப் பிறகு அதே பாதை, அதே செருப்பு, அதே காலை நேரம், மறுபடி இரண்டு நடை. இரண்டில் அதிகமானது 348 மீட்டர். நடுவில் நிற்கவில்லை. போர்க் மூச்சு 5, குறைந்த செறிவு 86. எம்எம்ஆர்சி 2.

இதைப் பார்த்துவிட்டு வீட்டில், "இளைப்பு அப்படியேதானே இருக்கு, போர்க்கும் மாறலையே" என்று கேட்பார்கள். அதே 5 வருவதற்கு முன்பு 306 மீட்டர் போதுமாக இருந்தது, இப்போது 348 மீட்டர் தேவைப்படுகிறது, அதுவும் நிற்காமல். 42 மீட்டர் கூடுதல், 30 என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. இது உண்மையான முன்னேற்றம், தூரத்தோடு சேர்த்துப் பார்த்தால் மட்டுமே போர்க் எண் பேசும். முதல் முறை ஒரே ஒரு நடையோடு நிறுத்தியிருந்தால் 288-க்கும் 348-க்கும் 60 மீட்டர் வித்தியாசம் என்று எழுதியிருப்பார்கள், அதில் 18 மீட்டர் பாதை பழகியதால் வந்தது. அப்புறம் அந்த 86. பயிற்சி அதை மாற்றவில்லை, மாற்றும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. நடக்கும்போது ஆக்சிஜன் வேண்டுமா என்பதை மருத்துவர் தனியாகப் பார்க்க வேண்டும்.

சிஓபிடியின் போக்கைக் கணிக்க 2004-இல் வந்த போட் குறியீடு உடல் எடை, காற்றடைப்பு, மூச்சிரைப்பு, நடைத் தூரம் ஆகிய நான்கையும் சேர்த்து 0 முதல் 10 வரை மதிப்பெண் தருகிறது. இவருக்கு எடைக்கு 0, காற்றடைப்புக்கு 2, எம்எம்ஆர்சி 3-க்கு 2, தூரத்துக்கு 1, ஆக 5. பயிற்சிக்குப் பின் 4. இறங்கியது எம்எம்ஆர்சி மாறியதால் மட்டும். 250 முதல் 349 மீட்டர் வரை எல்லாம் ஒரே மதிப்பெண் என்பதால் 306-உம் 348-உம் அதற்கு ஒன்றுதான். ஆகவே ஒரு ஆளின் முன்னேற்றத்தைப் பார்க்க மீட்டரையே பாருங்கள்.

படிக்கும்போது தவறும் இடங்கள்

'எதிர்பார்ப்பில் இத்தனை சதவீதம்' என்று ரிப்போர்ட்டில் இருந்தால் எந்தச் சூத்திரம் என்று கேளுங்கள். பெண்களுக்கு அதிகம் பயன்படும் 1998-ஆம் ஆண்டு எண்ரைட்–ஷெரில் சூத்திரம் இது:

```
தூரம் (மீ) = 2.11 × உயரம் (செ.மீ.) − 2.29 × எடை (கிலோ) − 5.78 × வயது + 667
```

நம் எடுத்துக்காட்டு அம்மாவுக்கு இது 515 மீட்டர் தருகிறது, 306 அதில் 59 சதவீதம். ஆனால் இது அமெரிக்கர்களை நடக்க வைத்து எடுத்த சூத்திரம். வேறு ஊர்க்காரர்களை வைத்து எடுத்தவை வேறு விடை தரும். சூத்திரத்தை மாற்றினால் சதவீதம் மாறும், நோயாளி மாறியிருக்க மாட்டார். என்னைக் கேட்டால் அவருடைய பழைய மீட்டர்தான் அவருக்குச் சரியான ஒப்பீடு.

நுரையீரல் தழும்பு நோயில் படிக்கும் முறையே வேறு. அங்கே தூரம் ஆறு மாதமாக 400-லேயே இருக்கலாம், ஆனால் குறைந்த செறிவு 91-இலிருந்து 87-க்கும், அடுத்த முறை 83-க்கும் போயிருக்கும். தூரத்தை மட்டும் பார்க்கிறவர் நிலையாக இருக்கிறது என்று எழுதுவார். அந்த நோயாளிகளுக்கு முதலில் பார்க்க வேண்டியது குறைந்த செறிவு, 88-க்கோ அதற்குக் கீழோ இறங்கினால் அது தனிக் கவலை. ஓய்வில் 96 காட்டுவதால் வீட்டில் ஆக்சிமீட்டர் வைத்திருப்பவர்கள் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள், நடக்கும்போதுதான் அது இறங்குகிறது.

வீட்டு வராந்தாவிலோ மொட்டை மாடியிலோ இதைச் செய்து பார்க்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். முதல் சோதனையை அப்படிச் செய்யாதீர்கள், செறிவு எவ்வளவு இறங்குகிறது என்று தெரியாமல் தனியாக ஆறு நிமிடம் தள்ளிக்கொண்டு நடப்பது ஆபத்து. ஆஸ்பத்திரியில் எடுத்த பிறகு தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் பாதையின் நீளம், இரண்டு நடைகளின் தூரம், நின்ற நேரம், குறைந்த செறிவு, நடைக்கு முன்னும் பின்னும் இருந்த போர்க் எண்கள், ஆக்சிஜன் கொடுத்திருந்தால் அதன் அளவு எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். தூரம் மட்டும் எழுதியிருந்தால் மற்றதையும் அங்கேயே எழுதித் தரச் சொல்லுங்கள், அடுத்த முறை நடக்க வைப்பவருக்கு அவை வேண்டும்.